கட்டளையா, உறுதிமொழியா? மாரிகுப்பத்துப் பௌத்தர்களும் அறத்தின் அடிப்படையும்

கோலார் தங்கவயலின் தென்கோடியில், மைசூர் மைன்ஸை ஒட்டி, இரயில் பாதை முடிவடையும் இடம் மாரிகுப்பம். வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் நிர்வகித்த சுரங்கங்களுக்கு வந்து சேர்ந்த தமிழ்த் தொழிலாளர்களுள் பெரும்பான்மையோர் தீண்டப்படாதவர் என ஒதுக்கப்பட்ட சாதியினர். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் அவர்களுள் ஒரு பகுதியினர் அயோத்திதாசப் பண்டிதரின் தென்னிந்திய சாக்கிய பௌத்த சங்கத்தில் இணைந்தனர். 1898இல் கர்னல் ஆல்காட்டுடன் கொழும்பு சென்று சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிய பண்டிதர், சென்னை இராயப்பேட்டையில் நிறுவிய சங்கம் அது. 1907இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ் தங்கவயலுக்கும் வந்து சேர்ந்தது. 1914இல் பண்டிதர் மறைந்த பின்பு, 1926இல், ‘தமிழன்’ இதழுக்கு மறுபிறப்பு அளித்தது தங்கவயல்தான். ஆசிரியராக அமர்ந்தவர் ஜி. அப்பாதுரையார். பண்டிதரின் நூல்களைத் தொடர்ந்து அச்சிட்டு வெளியிட்ட சித்தார்த்த புத்தகசாலையும் இங்கேயே இயங்கியது.

இந்த வரலாறு சாதி எதிர்ப்பு வரலாறாகப் பலமுறை எழுதப்பட்டுவிட்டது. அறவியல் வரலாறாக அது அரிதாகவே வாசிக்கப்பட்டுள்ளது. படைத்தவன் ஒருவன் உண்டு என்பதை மறுத்த ஒரு சமயத்தை ஏற்றவர்கள், கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் சூழ்ந்த ஊரில் வாழ்ந்தார்கள். ‘கடவுள் இல்லையென்றால் திருடாதே என்று சொல்ல யார் இருக்கிறார்?’ என்னும் வினாவை அச்சூழலில் தவிர்க்க இயலாது. அறவியல் வகுப்பறைகளில் தெய்வக் கட்டளைக் கோட்பாடு என்று பெயர் பெற்றிருப்பது இவ்வினாவின் பின்னே நிற்கும் கருத்தே ஆகும். ஒரு செயல் நல்லது அல்லது கடமை என்று ஆவது கடவுள் அதைக் கட்டளையிட்டதால்தான். தீயது என்று ஆவது அவர் விலக்கியதால்தான் என்பது அதன் சாரம்.

இக்கோட்பாட்டின் மீதான மிகப் பழைய ஐயம் பிளேட்டோவின் ‘யூதிஃப்ரோ’ உரையாடலில் உள்ளது. நல்லது என்பதால் தெய்வங்கள் ஒன்றை விரும்புகின்றனவா, தெய்வங்கள் விரும்புவதால் அது நல்லதாகிறதா என்று சாக்ரடீஸ் கேட்கிறார். முதலாவது விடையைத் தேர்ந்தால் நன்மை தெய்வத்துக்கு முற்பட்டதாகிறது. தெய்வம் அதை அறிவிக்கும் தூதர் மட்டுமே. இரண்டாவதைத் தேர்ந்தால் தெய்வம் நாளை கொடுமையைக் கட்டளையிட்டால் கொடுமையும் நல்லதாகிவிடும். இஸ்லாமிய இறையியலில் முஃதஸிலாக்கள் முதல் விடையின் பக்கமும், அஷ்அரிகள் இரண்டாம் விடையின் பக்கமும் நின்று நூற்றாண்டுகள் வாதிட்டனர். கிறித்தவ ஐரோப்பாவில் ஆக்கமின் வில்லியம் இரண்டாம் விடையைத் துணிந்து ஏற்றவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுகிறார்.

இந்த வாதத்தில் பெரும்பாலும் மூன்று தனித்தனி வினாக்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. எது சரி என்பதை எப்படி அறிகிறோம் என்பது ஒன்று. சரியானதைச் செய்ய நம்மை எது தூண்டுகிறது என்பது மற்றொன்று. அது சரியாக இருப்பதற்கே எது காரணம் என்பது மூன்றாவது. சுரங்கத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதை விளக்கலாம். பாறையில் துளையிட்டு வெடிமருந்து நிரப்பி வெடிக்கச் செய்யும்போது, சில துளைகளில் மருந்து வெடிக்காமல் நின்றுவிடுவது உண்டு. அத்தகைய துளையிலோ, முந்தைய வெடிப்பில் எஞ்சி நிற்கும் துளையின் அடியிலோ மீண்டும் துளையிடக் கூடாது. தள்ளி, அதற்கு இணையாகப் புதிய துளை இட வேண்டும் என்பது எல்லாச் சுரங்கங்களுக்கும் பொதுவான விதி. புதிதாக வேலைக்கு வரும் இளைஞன் இவ்விதியை மேஸ்திரியின் வாய்மொழியாகவே அறிகிறான். தண்டனைக்கு அஞ்சியே முதலில் அதைக் கைக்கொள்கிறான். ஆயினும் பழைய துளையில் துளையிடுவது தவறாக இருப்பதற்குக் காரணம் மேஸ்திரி அல்லர். எஞ்சிய மருந்து துளைக்கருவி பட்டு வெடிக்கும் என்பதே காரணம். அவசர வேலை என்று மேஸ்திரியே நாளை அதற்கு அனுமதி தந்தாலும் ஆபத்து குறைந்துவிடாது. அறிதலுக்கும் தூண்டுதலுக்கும் கட்டளை உதவியது. அடிப்படை வேறோர் இடத்தில் இருந்தது.

சுரங்கத்தில் இன்னொரு வகை விதிகளும் உண்டு. எந்த வாயில் வழியே நுழைய வேண்டும், எந்த நேரத்தில் வருகையைப் பதிய வேண்டும் என்பவை நிர்வாகம் வகுத்ததால் மட்டுமே விதிகளாக நிற்பவை. வேறு விதமாக வகுத்திருந்தால் அதுவும் அதே அளவு சரியாகவே இருந்திருக்கும். தெய்வக் கட்டளைக் கோட்பாடு சொல்வது இதுதான்: கொலை செய்யாமை, களவு செய்யாமை உட்பட எல்லா அறங்களும் அடிப்படையில் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை, வகுத்தவர் இறைவன் என்பதே வேறுபாடு. அறிதலுக்கு வேதநூல் உதவியது என்றோ, இறையச்சம் பலரை நல்வழியில் நிறுத்தியது என்றோ காட்டுவதால் மட்டும் இக்கோட்பாடு நிறுவப்பட்டுவிடாது. மூன்றாவது வினாவுக்கு அது விடை தர வேண்டும்.

மாரிகுப்பத்துப் பௌத்தர்களுக்கு இந்த மூன்றாவது வினா ஏட்டுச் சிக்கலாக இருக்கவில்லை. தெய்வம் கொடுமையைக் கட்டளையிட்டால் என்ன செய்வது என்பதை ஐரோப்பிய மெய்யியலர் கற்பனை எடுத்துக்காட்டுகளைக் கொண்டு விவாதித்தனர். அந்தக் கட்டளை ஏற்கெனவே பிறப்பிக்கப்பட்டுவிட்டது என்று சொல்லப்பட்ட நாட்டில் இவர்கள் பிறந்திருந்தார்கள். நால்வருணப் பகுப்பு இறைவனாலேயே படைக்கப்பட்டது என்று கீதையும், பரம புருஷனின் உறுப்புகளிலிருந்து வருணங்கள் தோன்றின என்று புருஷ சூக்தமும் சொல்வதாக அவர்களுக்கு எடுத்துரைக்கப்பட்டது. அவ்வருணங்களுக்கும் வெளியே தள்ளப்பட்டவர்களுக்கு மனு நூல் வகுத்த வாழ்க்கை விதிகளும் இதே அதிகாரத்தின் பெயரால் நின்றன. கட்டளையே அறத்தின் அடிப்படை என்று ஏற்றுக்கொண்டால், அக்கட்டளையை அநீதி என்று சொல்ல ஒருவருக்குச் சொல்லே இல்லாமற் போகும். அநீதி என்ற சொல்லின் பொருளே கட்டளைக்கு மாறானது என்றாகிவிடும்போது, கட்டளை எப்படி அநீதியாக இருக்க முடியும்?

தமிழ் மரபிலும் இதன் தடம் உண்டு. திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர், மனு முதலான நூல்கள் விதித்தவற்றைச் செய்வதும் அவை விலக்கியவற்றை ஒழிப்பதுமே அறம் என்று உரைப்பாயிரத்தில் வரையறுக்கிறார். குறளின் அறன் வலியுறுத்தல் அதிகாரமோ மனத்தில் மாசில்லாதிருப்பதையே அறத்தின் முழுமையாகச் சொல்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு சிறிதன்று. ஒன்று அறத்தை நூலின் விதியில் வைக்கிறது; மற்றது மனத்தின் நிலையில் வைக்கிறது. அயோத்திதாசர் குறளைப் பௌத்த நூலாகக் கொண்டு, திரிபிடகத்தோடு இணைத்துத் ‘திரிக்குறள்’ என்று பெயரிட்டுத் ‘தமிழன்’ இதழில் உரை எழுதத் தொடங்கினார். அவருடைய சொல்லாராய்ச்சிகள் பலவற்றை இன்றைய மொழியியல் ஏற்காது. எனினும், குறளின் அறத்தை மனு நூலின் பிடியிலிருந்து விடுவிக்கவேண்டும் என்ற அவருடைய நோக்கம் அறவியல் நோக்கமாகவும் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

கடவுளை மறுத்துவிட்டால் கட்டளைக் கோட்பாடு தானே விழுந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். இந்திய மெய்யியல் வரலாறு அவ்வளவு எளிமையானது அன்று. வேதச் சடங்குகளின் பொருளை ஆராய்ந்த மீமாம்சை, கட்டளையிடுபவர் இல்லாத கட்டளை என்ற வியப்பான ஒன்றை முன்வைத்தது. ஜைமினியின் சூத்திரத்தின்படி, வேதத்தின் ஏவல் வாக்கியத்தால் குறிக்கப்படுவதே தர்மம். ஆனால் வேதத்துக்கு ஆசிரியர் எவருமில்லை. மனிதரும் இல்லை, இறைவனும் இல்லை. படைப்புக் கடவுள் ஒருவர் உண்டு என்பதையே குமாரில பட்டர் விரிவாக மறுக்கிறார். ஏவுபவர் இல்லையென்றால் ஏவலின் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? ‘யஜேத’ என்ற சொல்லுக்கு ‘வேள்வி செய்க’ என்பது பொருள். அச்சொல்லின் விகுதியிலேயே கேட்பவரைச் செயலில் உய்க்கும் ஆற்றல் உறைகிறது என்று மீமாம்சகர் விடையளித்தனர். அறத்தின் அடிப்படையை ஒரு வினைவிகுதியில் வைத்த மரபு உலகில் வேறெங்கும் காண்பதற்கு அரிது.

இங்கே குமாரிலரின் இரண்டு வாதங்கள் குறிப்பிடத்தக்கவை. பிறருக்குத் துன்பம் தருவது தீமை, இன்பம் தருவது நன்மை என்ற அளவுகோலை அவர் நேரடியாகவே தாக்குகிறார். அந்த அளவுகோல் சரியென்றால், கள் அருந்துபவர் எவருக்கும் துன்பம் தருவதில்லையாதலால் குடி தவறில்லை என்றாகும். குருவின் மனைவியோடு அவள் விருப்பப்படி கூடுபவன் இன்பமே தருவதால் நற்செயல் புரிந்தவனாவான். ஆகவே விதியும் விலக்கும் மட்டுமே அளவுகோல் என்பது அவர் முடிவு. இரண்டாவது வாதம் இன்னும் கூர்மையானது. பௌத்தர் போதிக்கும் கொல்லாமை போன்றவை உண்மையிலேயே நல்லவையாக இருந்தாலும் என்ன செய்வது? நாய்த்தோல் பையில் ஊற்றிய பால் பயன்படாததுபோல, தகுதியற்ற வாயிலிருந்து வந்த அந்நற்சொற்களும் ஏற்கத்தக்கவை அல்ல என்கிறார் குமாரிலர். சொல்லப்பட்டது எது என்பதைவிடச் சொல்லப்பட்ட இடம் எது என்பதே முக்கியம் என்ற நிலைப்பாடு இதற்குமேல் தெளிவாகச் சொல்லப்பட்டதில்லை. தீட்டு என்னும் உருவகத்தின் வழியே அது சொல்லப்பட்டிருப்பதும் தற்செயல் அன்று. அறம் அதன் பொருளால் அறமாவதில்லை, பிறந்த இடத்தால் ஆகிறது என்பதும், மனிதர் அவர்தம் செயலால் மதிக்கப்படுவதில்லை, பிறந்த இடத்தால் மதிக்கப்படுகிறார் என்பதும் ஒரே அச்சில் வார்த்த எண்ணங்கள்.

மாரிகுப்பத்தார் எதிர்கொண்ட உண்மையான எதிர்த்தரப்பு கடவுள் நம்பிக்கை மட்டுமன்று என்பது இதனால் விளங்கும். கடவுள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அறத்தைக் கட்டளையில் நிறுத்தும் எண்ணமே எதிர்த்தரப்பு. இதற்கு அவர்களிடம் இரு வகை விடைகள் இருந்தன. ஒன்று நூலில் இருந்தது, மற்றது சடங்கில் இருந்தது.

நூலில் இருந்த விடை பேராசிரியர் பி. லட்சுமி நரசு அவர்களுடையது. சென்னையில் இயற்கை அறிவியல் கற்பித்த நரசு 1907இல் வெளியிட்ட ‘பௌத்தத்தின் சாரம்’ என்னும் ஆங்கில நூல், பௌத்தத்தின் பகுத்தறிவுத் தன்மைக்கும் அதன் ஒழுக்க நெறிக்கும் தனித்தனி இயல்களை ஒதுக்குகிறது. மனிதருக்கு அப்பாற்பட்ட ஒருவரின் ஆணையின் மீதோ, தண்டனை அச்சத்தின் மீதோ, வெகுமதி ஆசையின் மீதோ பௌத்த ஒழுக்கம் நிற்கவில்லை என்பது அந்நூலின் நிலைப்பாடு. மேலே பிரித்த மூன்று வினாக்களுள் இரண்டாவதையும் மூன்றாவதையும் நரசு ஒருசேர எடுத்துக்கொள்கிறார் எனலாம். தன்னலப் பற்றே துன்பத்தின் வேர். அதை அறுப்பதே ஒழுக்கத்தின் வேலை. இதற்கு ஆணையிடுபவர் தேவையில்லை, துன்பத்தைக் காணும் கண் போதும். நரசுவின் பௌத்தம் ஆய்வுக்கூடத்தின் ஒளியில் நின்றது. அயோத்திதாசரின் பௌத்தமோ பண்டிகைகளையும் அம்மன் கதைகளையும் பௌத்தமாக மறுவாசிப்புச் செய்து மக்களின் நாட்காட்டிக்குள் நுழைந்தது. இவ்விரு போக்குகளுக்கும் இடையே இயக்கத்துக்குள்ளேயே இழுபறி இருந்தது. படைப்புக் கடவுளின் ஆணையில் அறத்தை நிறுத்துவதில்லை என்பதில் மட்டும் இரண்டும் ஒன்றுபட்டன.

சடங்கில் இருந்த விடை பஞ்சசீலத்தின் இலக்கண வடிவத்தில் உள்ளது. விவிலியத்தின் பத்துக் கட்டளைகளில் விலக்குகள் முன்னிலையில் அமைந்தவை: எபிரேய மூலத்தில் எதிர்மறைச் சொல்லோடு கூடிய முன்னிலை வினை, தமிழ் மொழிபெயர்ப்பில் ‘செய்யாதிருப்பாயாக’ என்ற வாய்பாடு. பேசுபவர் ஒருவர், கேட்பவர் இன்னொருவர். பேசுபவரின் அதிகாரமே வாக்கியத்தின் வலிமை. மீமாம்சையின் விதியோ படர்க்கையில் அமைந்தது. பேசுபவர் மறைந்துவிட, ஏவல் மட்டும் எஞ்சுகிறது. பஞ்சசீலத்தின் பாலி வாய்பாடு இவ்விரண்டிலிருந்தும் விலகியது. ஐந்து சீலங்களும் ‘சமாதியாமி’ என்ற ஒரே வினைமுற்றில் முடிகின்றன. அது தன்மை ஒருமை. ‘மேற்கொள்கிறேன்’ என்பது பொருள். மேற்கொள்ளப்படுவது கட்டளை என்று அழைக்கப்படவும் இல்லை. ‘சிக்காபதம்’, அதாவது பயிற்சிப் படி என்றே அழைக்கப்படுகிறது. உயிரைப் போக்குவதிலிருந்து விலகியிருக்கும் பயிற்சியை நான் மேற்கொள்கிறேன் என்று சொல்பவரே அவ்வாக்கியத்தின் எழுவாய். பிக்கு முன்னின்று சொல்லிக் கொடுப்பது உண்டு. ஆனால் அதற்கு முன்னர்ச் சீலத்தைத் தருமாறு இல்லறத்தார் வேண்டிக்கொள்ள வேண்டும். வேண்டுபவரும் மேற்கொள்பவரும் ஒருவரே.

இத்தகைய வாக்கியங்கள் ஒரு செய்தியைத் தெரிவிப்பவை அல்ல. சொல்வதன் வாயிலாகவே ஒரு செயலைச் செய்து முடிப்பவை. ‘வாக்களிக்கிறேன்’ என்று சொல்வதே வாக்களித்தலாகிறது. ஜே. எல். ஆஸ்டின் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வகைக் கூற்றுகளைத் தனித்துப் பிரித்துக் காட்டினார். தலைமுறை தலைமுறையாக ஏவலின் கேட்பவராக மட்டுமே வைக்கப்பட்ட ஒரு சமூகம், ‘நான்’ என்று தொடங்கித் தன் ஒழுக்கத்தைத் தானே மேற்கொண்ட நிகழ்வாக மாரிகுப்பத்துப் பஞ்சசீலத்தைக் காணலாம். ஊழியர் என்ற இடத்திலிருந்து எழுவாய் என்ற இடத்துக்கு நகர்ந்த இலக்கண மாற்றம் அது. சமூக மாற்றமும் கூட.

ஐந்தாவது சீலத்தை மட்டும் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. குமாரிலரின் குடி எடுத்துக்காட்டுக்கு விடை அங்கேதான் இருக்கிறது. முதல் நான்கு சீலங்களும் விலக வேண்டியது எது என்பதை மட்டும் சொல்கின்றன. ஐந்தாவது மட்டும் காரணத்தைத் தன் வாய்பாட்டுக்குள்ளேயே கொண்டிருக்கிறது. மது ‘பமாதட்டானம்’, அதாவது கவனக்குறைவுக்கு இடமாவது என்று அது சொல்கிறது. குடி தன்னளவில் தீட்டு என்றோ, விலக்கப்பட்டது ஆகையால் தீது என்றோ சொல்லப்படவில்லை. குடிப்பவர் அந்நேரத்தில் எவருக்கும் துன்பம் தருவதில்லையே என்று குமாரிலர் கேட்டதற்கு இது நேரான மறுமொழி: துன்பத்தை ஒரு கணத்தில் அளக்கக் கூடாது, விழிப்பு இழந்த மனத்திலிருந்து மற்ற நான்கு மீறல்களும் பிறக்கும்.

சாராயக் கடைகள் நிறைந்த தங்கவயலில் இச்சீலத்தின் பொருளை எவருக்கும் விளக்க வேண்டியிருந்திருக்காது. கூலி நாளன்று கடைக்குச் செல்லும் பணம் வீட்டு அடுப்புக்கு வராது என்பது ஒரு பக்கம். மறுநாள் தள்ளாட்டம் தீராமல் கூண்டில் இறங்குபவரின் கவனக்குறைவு அவரோடு நிற்பதில்லை என்பது இன்னொரு பக்கம். வெடிக்காத துளையைக் கணக்கிடத் தவறுபவர் அடுத்த ஷிப்டில் வருபவரின் உயிரையும் பணயம் வைக்கிறார். ‘இது தவறு’ என்று அங்கு ஒருவர் சொன்னால், ‘ஏன்?’ என்று திருப்பிக் கேட்க இடமிருந்தது. விடை சொல்லவும் வழி இருந்தது. கட்டளை அறத்தில் அக்கேள்விக்கு இறுதி விடை ‘சொல்லப்பட்டிருக்கிறது’ என்பது மட்டுமே.

தெய்வக் கட்டளைத் தரப்பின் வலுவான வாதங்களை விட்டுவிட்டு இவ்வரலாற்றை முடிப்பது நேர்மையாகாது. அவற்றுள் இரண்டு முக்கியமானவை.

முதலாவது, தெய்வக் கட்டளை அடக்குவோரின் கருவியாக மட்டுமே இருந்ததில்லை. இறைவன் முன் அனைவரும் சமம், இது இறைவனின் ஆணை என்ற நம்பிக்கை, மன்னனுக்கும் முதலாளிக்கும் மேலான ஒரு நீதிமன்றத்தை ஏழைக்கு அளித்தது. கிறித்தவத்தையும் இஸ்லாத்தையும் தழுவிய ஒடுக்கப்பட்டோர் பலர் இதையே பற்றிக்கொண்டனர். வருணத்தைக் கட்டளையிடும் கடவுள் உண்மைக் கடவுளே அல்லர் என்று அவர்களால் சொல்ல முடிந்தது. எழுபதுகளில் ராபர்ட் ஆடம்ஸ் இக்கோட்பாட்டுக்குச் செய்த திருத்தம் இதே திசையில் செல்கிறது: எந்தக் கடவுளின் கட்டளையும் அன்று, அன்பே இயல்பான கடவுளின் கட்டளையே கடமையை உருவாக்கும். கொடுமையைக் கட்டளையிடும் தெய்வம் இவ்வரையறைக்கு வெளியே நின்றுவிடுகிறது. திருத்தம் வலியது, ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. கட்டளையை ஏற்குமுன் கட்டளையிடுபவர் அன்புடையவரா என்று சோதிக்க வேண்டியிருக்கிறது. அச்சோதனைக்கான அளவுகோல் கட்டளையிலிருந்து வர முடியாது. அன்பு நல்லது என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். மாரிகுப்பத்தார் கேட்டிருக்கக்கூடியது இதுதான்: அந்த அளவுகோலே போதாதா?

இரண்டாவது வாதம் பஞ்சசீலத்தின் அடித்தளத்தையே தொடுகிறது. கடமை என்றால் ஒருவருக்குக் கடன்பட்டிருத்தல். சட்டம் இயற்றுபவர் இல்லாமல் சட்டத்தின் சொற்களை மட்டும் வைத்துக்கொள்வது பொருளற்றது என்று 1958இல் எலிசபெத் ஆன்ஸ்கம் எழுதினார். தனக்குத் தானே சட்டம் இயற்றிக்கொள்வது என்ற காண்டின் எண்ணத்தையும் அவர் எள்ளி நகையாடினார். தானே கட்டிய கட்டைத் தானே அவிழ்த்துக்கொள்ளலாமே; பிறகு அது எவ்வகைக் கட்டு? மேலும், ‘மேற்கொள்கிறேன்’ என்று சொல்லாதவருக்குக் கொலை குற்றமில்லையா? பஞ்சசீலம் ஏற்காத மேலாளர் தொழிலாளியை வதைத்தால் அது தவறாகாதா?

இவ்வினாவுக்கு உறுதிமொழி மட்டும் விடையாகாது. உறுதிமொழி எழுவாயை உருவாக்குகிறது, அடிப்படையை உருவாக்குவதில்லை. பௌத்தத்தில் அடிப்படை என்று சுட்டத்தக்கது துன்பம், என்னுடையதும் பிறருடையதும். மேலாளர் உறுதிமொழி ஏற்காதிருக்கலாம்; வதைபடுபவரின் வலி அதனால் குறைவதில்லை. சுரங்கத்து விதியைப்போலவே இங்கும் தவறு தவறாக இருப்பது எவருடைய ஒப்புதலையும் எதிர்பார்த்து நிற்பதில்லை. தானே கட்டிய கட்டை அவிழ்க்க முடியாமல் செய்வதும் இதுவே: உறுதிமொழியைக் கைவிடலாம், அது சுட்டிய துன்பத்தை இல்லாமலாக்க முடியாது. ஆயினும் பிறர் துன்பம் எனக்கு ஏன் கட்டாயமாக வேண்டும் என்ற கடைசிக் கேள்வி எஞ்சியே நிற்கிறது. இறைவன் ஆணையிட்டான் என்ற விடையும் இக்கேள்வியை முடித்துவைப்பதில்லை. இறைவனின் ஆணைக்கு நான் ஏன் கட்டுப்பட வேண்டும் என்று அதை ஒரு படி பின்னே தள்ளுகிறது, அவ்வளவே.

கம்மக் கோட்பாட்டைக் குறித்தும் ஒரு குறிப்பு தேவை. வினைப்பயன் தன்னைத் தொடரும் என்ற நம்பிக்கை, கடவுளின் தண்டனைக்கு மாற்றாக வந்த இன்னொரு காவலர்தானே என்ற ஐயம் எழலாம். தூண்டுதல் என்ற இரண்டாம் வினாவில் அது அப்படிப் பயன்பட்டதும் உண்டு. ஆனால் கோட்பாட்டளவில், செயல் தீயது ஆகையால் தீய பயன் விளைகிறது. தீய பயன் விளைவதால் செயல் தீயதாவதில்லை. இந்த வரிசை மாறினால் கம்மமும் முற்பிறவிச் சாதி நியாயமாக இழிந்துவிடும். ஒடுக்கப்பட்டோரின் பௌத்தம் பிறவிச் சுழற்சி பற்றிய மரபுவழி விளக்கங்களை எச்சரிக்கையோடு கையாண்டதற்கு இந்த ஆபத்தும் ஒரு காரணம்.

லட்சுமி நரசு 1934இல் மறைந்தார். அவருடைய நூலை 1948இல் தம் முன்னுரையோடு மறுபதிப்புச் செய்தவர் அம்பேத்கர். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அவர் முதலில் சந்திரமணி மகாதேரரிடம் மும்மணிகளையும் பஞ்சசீலத்தையும் ஏற்றார். பின்பு தாமே கூடியிருந்தோருக்கு 22 உறுதிமொழிகளை அளித்தார். அவையும் தன்மை ஒருமையில் அமைந்தவையே. கடவுளர் சிலரைக் கடவுளராக ஏற்க மாட்டேன் என்பதில் தொடங்கி ஐந்து சீலங்கள் வரை ஒவ்வொன்றும் ‘நான்’ என்ற எழுவாயைக் கொண்டது. மறு ஆண்டில் அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில், மற்றச் சமயங்களில் கடவுள் இருக்கும் இடத்தில் தம்மத்தில் ஒழுக்கம் இருக்கிறது என்ற கருத்தை அவர் முன்வைக்கிறார். அதே நூலில் அவர் இன்னொன்றையும் சேர்க்கிறார்: ஒழுக்கம் புனிதமானதாகவும் அனைவருக்கும் பொதுவானதாகவும் இருந்தாக வேண்டும், இல்லையேல் ஒவ்வொரு குழுவும் தன் நலனுக்கு ஏற்ற ஒழுக்கத்தை வகுத்துக்கொள்ளும், வலியவர் மெலியவரை நசுக்குவர். கட்டளையிடுபவரை நீக்கிய பின்பும் மீற முடியாமை என்ற பண்பை எங்கிருந்து பெறுவது என்ற கேள்வியை அவர் மறைக்கவில்லை.

தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அங்கே ஒரு தலைமுறை எழுப்பிய வினா மட்டும் அறவியல் பாடத்திட்டத்தில் யூதிஃப்ரோவின் அருகே வைக்கத்தக்கதாக இருக்கிறது. சாக்ரடீஸ் அதைத் தெய்வ பக்தன் ஒருவனிடம் நீதிமன்ற வாயிலில் கேட்டார். மாரிகுப்பத்தாரோ, எந்தக் கட்டளையின் பெயரால் தாழ்த்தப்பட்டார்களோ அந்தக் கட்டளையிடமே அதைக் கேட்டார்கள்: நீ சொன்னதால் நாங்கள் தாழ்ந்தோமா, தாழ்ந்தோம் என்பதால் நீ சொன்னாயா?